ஐபோன் கைக்கு வந்தது, வாட்ஸ்அப் சாட் வரவில்லை: எங்கே சிக்கியது என்று கண்டுபிடிக்கும் வழி

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறவர்களில் பலர் சாட்டை இழப்பது தொழில்நுட்பக் கோளாறால் இல்லை, வேலைகளின் வரிசை மாறிப்போவதால்தான். எம்.சி. ரோட்டில் துணி வியாபாரம் செய்கிறவருக்கு ஐந்து வருட ஆர்டரும் பில் போட்டோவும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவருக்கு யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதற்கு வாய்ஸ் மெசேஜ்தான் சாட்சி. அதனால் கீழே உள்ளதை அவசரமில்லாமல் படியுங்கள். உங்கள் போனில் இப்போது என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் தன் பேக்கப்பை கூகுள் கணக்கில் வைக்கிறது. ஐபோன் வாட்ஸ்அப் ஐகிளவுடில் வைக்கிறது. ஒன்று எழுதியதை இன்னொன்று படிக்காது. எனவே ஐபோனில் வாட்ஸ்அப்பைத் திறந்து எத்தனை முறை நம்பரைப் போட்டாலும் கூகுள் டிரைவிலிருந்து ஒரு மெசேஜ்கூட இறங்காது. ஐபோனில் கூகுள் டிரைவ் செயலியைப் போட்டு, அதே ஜிமெயிலில் நுழைந்தாலும் இதே கதைதான்.

அதிகாரபூர்வமான வழி ஒன்று இருக்கிறது. ஆப்பிளின் `Move to iOS` செயலியை ஆண்ட்ராய்டில் போட்டு, ஐபோனை முதல் முறை செட்டப் செய்யும்போது இரண்டையும் இணைப்பது. ஐபோன் "Hello" சொல்லும் அந்த நேரத்தில் மட்டும் திறக்கிற கதவு அது. முகப்புத் திரை வந்துவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும். ஆகவே இரண்டு போனும் ஒரே நேரத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும், ஐபோன் புதிதாகவோ முழுவதும் அழிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும், இரண்டிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும்.

## "ஆண்ட்ராய்டிலிருந்து எடு என்ற வரியே காணோம்"

ஐபோன் செட்டப்பில் பழைய டேட்டாவை எங்கிருந்து கொண்டுவருவது என்று ஒரு திரை கேட்கும். அதில் `Move Data from Android` என்றோ, புதிய ஐஓஎஸ் என்றால் `From Android` என்றோ ஒரு வரி இருக்கும். அது கண்ணில் படவில்லை என்றால், பெரும்பாலும் அந்தத் திரையைத் தாண்டி வந்துவிட்டீர்கள். கடையில் போன் வாங்கும்போதே கவுன்டரில் இருக்கும் தம்பி, உதவி செய்வதாக நினைத்து ஆப்பிள் ஐடி போட்டு, முகப்புத் திரை வரை கொண்டுவந்து கொடுத்துவிடுவது உண்டு. சீல் பிரித்துக் காட்டட்டும், ஆன் ஆகிறதா என்று பார்க்கட்டும், ஆனால் "செட்டப் வேண்டாம், வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

ஏற்கனவே செட்டப் ஆகிவிட்டதா? அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. பாதை இது:

```
Settings > General > Transfer or Reset iPhone
> Erase All Content and Settings
```

அழிக்கும்போது ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டு கேட்கும், கையில் வைத்திருங்கள். இசிம் போட்டிருந்தால் அதை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று கேட்கும். வைத்துக்கொள்வதைத் தேர்வு செய்யுங்கள், இல்லையென்றால் சிம் கம்பெனியிடம் மறுபடி போய் நிற்க வேண்டும்.

இங்கே பலர் இடறுகிற ஒரு கல் உண்டு. இரண்டு வாரம் ஐபோனைப் பயன்படுத்திவிட்டீர்கள், அதில் போட்டோ இருக்கிறது, "ஐகிளவுடில் பேக்கப் எடுத்துவிட்டு அழிக்கலாம், பிறகு அதையே ரீஸ்டோர் செய்யலாம்" என்று தோன்றும். செட்டப்பில் அந்தத் திரை ஒரு பதிலைத்தான் ஏற்கும். ஐகிளவுட் ரீஸ்டோர் என்று அழுத்தினால் ஆண்ட்ராய்டு வழி போச்சு. ஆண்ட்ராய்டு வழியை அழுத்தினால் ஐகிளவுட் ரீஸ்டோர் போச்சு. எனவே இரண்டு வாரப் போட்டோவைக் கம்ப்யூட்டரிலோ வேறு போனிலோ முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, ஆண்ட்ராய்டு வழியைத் தேர்ந்தெடுங்கள்.

பர்மா பஜார் பக்கம் பழைய ஐபோன் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அழித்தபின் "Hello" திரையிலிருந்து முன்னே போகிறதா, அல்லது முன்பு வைத்திருந்தவரின் ஆப்பிள் ஐடியைக் கேட்டு நிற்கிறதா. நின்றால் அந்தப் போனை வாங்காதீர்கள். சாட் மாற்றுவது இருக்கட்டும், போனே உங்களுடையதாக ஆகாது.

## "கோடு போட்டேன், இணையவில்லை"

இரண்டு போனையும் இணைக்க ஐபோன் ஒரு எண் கோடு காட்டும். ஆண்ட்ராய்டில் `Move to iOS` திறந்து அந்தக் கோடைப் போட்டதும், ஐபோன் தானே ஒரு தற்காலிக வைஃபையை உருவாக்கும். ஆண்ட்ராய்டு அதில் சேர வேண்டும், சேரலாமா என்று கேட்கும்போது `Connect` அழுத்த வேண்டும்.

அந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்பதுதான் சிக்கல். ஆண்ட்ராய்டு அதில் சேர்ந்த சில நொடியில் "இங்கே இன்டர்நெட் இல்லையே" என்று தானே முடிவெடுத்து, மொபைல் டேட்டாவுக்கோ வீட்டு வைஃபைக்கோ தாவிவிடும். ஐபோனோ அந்தப் பக்கம் தேடிக்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டு திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள்: கோடு போட்டதும் வைஃபை குறி வந்து, கொஞ்ச நேரத்தில் மறைந்து 4ஜி அல்லது 5ஜி என்று மாறினால் இதுதான் காரணம்.

இதற்கு நூறு யோசனை சொல்வார்கள். மிக எளியது, ஆண்ட்ராய்டிலிருந்து சிம்மைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவது. இரண்டு சிம் இருந்தால் இரண்டையும் கழற்றுங்கள். வாட்ஸ்அப் ஏற்கனவே அந்த நம்பரில் பதிவாகி இருக்கிறது, சிம் இல்லாவிட்டாலும் அது வெளியேறாது. மொபைல் டேட்டா இல்லாததால் போன் தாவ இடமில்லை. நடுவில் கால் வந்து வேலையைக் குலைப்பதும் இல்லை. ஒன்றிரண்டு மணி நேரம் உங்கள் நம்பர் கிடைக்காது, வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இசிம் என்றால் ஏரோப்ளேன் மோடை ஆன் செய்து, அதன்பின் வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள்.

அதற்குப் பிறகும் இணையவில்லை என்றால், வைஃபை செட்டிங்கில் நெட் பலவீனமாக இருந்தால் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள், ஆஃப் செய்யுங்கள். விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். லொகேஷன் ஆன் செய்து, `Move to iOS` அனுமதி கேட்டால் கொடுங்கள், வைஃபையைத் தேட ஆண்ட்ராய்டு அதைக் கேட்கிறது. சேமித்து வைத்த பழைய வைஃபைகளை மறக்கச் செய்வதும் உதவும். ஆனால் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு தெரியாமல் அதைச் செய்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். பிறகு இரண்டு போனையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, புதிய கோடு வாங்கி முயலுங்கள்.

## "பட்டியலில் வாட்ஸ்அப் இல்லை"

இணைந்தாயிற்று. எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டியல் வருகிறது: காண்டாக்ட், மெசேஜ், போட்டோ. வாட்ஸ்அப்பை மட்டும் காணோம்.

முதலில் ஐபோனின் ஐஓஎஸ் பதிப்பைச் சந்தேகப்படுங்கள். 15.5 அல்லது அதற்கு மேல் வேண்டும். புதுப் போனில் இந்தப் பிரச்சினை வராது. பழைய ஐபோன் வாங்கியவர்களுக்குத்தான் வரும். ஐபோன் 6எஸ், 7 வரைக்கும் 15.5-ஐத் தாண்டி அப்டேட் கிடைக்கிறது, எனவே அவை தேறும். ஐபோன் 6 ஐஓஎஸ் 12-உடன் நின்றுவிட்டது, அதில் இப்போது வாட்ஸ்அப்பே ஓடாது. பதிப்பு குறைவாக இருந்தால், செட்டப்பை வேகமாக முடித்து, அப்டேட் போட்டு, அதன்பின் அழித்து "Hello"விலிருந்து தொடங்குங்கள். சுற்றுவழிதான், ஆனால் வேறு வழியில்லை.

அடுத்து ஆண்ட்ராய்டின் வாட்ஸ்அப். ப்ளே ஸ்டோரில் அப்டேட் செய்யுங்கள். ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கிய, நீல டிக்கை மறைக்கிற, டெலீட் ஆன மெசேஜைக் காட்டுகிற மாற்று வாட்ஸ்அப்களில் இந்த வசதி வேலை செய்யாது. ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப் வைக்க, போன் கம்பெனி தரும் இரட்டைச் செயலி வசதியைப் பயன்படுத்துகிறீர்களா? இரண்டாவது பிரதி போனுக்குள்ளேயே தனி அறையில் ஓடுகிறது, `Move to iOS` அந்த அறைக்குள் போவதில்லை. முதன்மை வாட்ஸ்அப்பில் இருப்பது மட்டும்தான் நகரும். உங்களுக்கு முக்கியமான நம்பர் எது என்று யோசித்து, அது முதன்மையில் இருக்கும்படி முன்கூட்டியே மாற்றி வையுங்கள்.

## "தயாராகிறது என்று சொல்லி நிற்கிறது" அல்லது "பாதியில் அறுந்தது"

பட்டியலில் வாட்ஸ்அப்பை அழுத்தினால் அதுவே திறந்து, `START` கேட்கும். சாட்டை ஏற்றுமதிக்குத் தயார் செய்து முடித்ததும் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் உங்களை வெளியேற்றும். பதறாதீர்கள், அது அப்படித்தான். `NEXT` அழுத்தி `Move to iOS`-க்குத் திரும்பி, `CONTINUE` கொடுத்தால்தான் உண்மையான நகர்வு தொடங்கும். வெளியேறியதைப் பார்த்துப் பயந்து, வாட்ஸ்அப்பைத் திறந்து மறுபடி நம்பர் போட்டு உள்ளே போகிறவர்கள் அந்த இடத்திலேயே வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

தயாரிக்கும் கட்டத்தில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இடம். ஆண்ட்ராய்டில் ஒரு ஜிபி, இரண்டு ஜிபி மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு இதைத் தொடங்காதீர்கள். வாட்ஸ்அப்பில் `Settings > Storage and data > Manage storage` போனால் எந்த குரூப் எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். 5 எம்பிக்கு மேலான ஃபைல்கள் தனியாகவும், பல முறை ஃபார்வர்டு ஆனவை தனியாகவும் நிற்கும். ஃபார்வர்டு ஆனவற்றைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் காலை வணக்கப் படமும் யாரோ எடுத்த வீடியோவும்தான். முதலில் அதைக் கழியுங்கள். சொந்தச் சாட்டில் கை வைக்கவே தேவையிருக்காது.

இது நேரத்தையும் குறைக்கும். வாட்ஸ்அப் மொத்தம் 36 ஜிபி என்று வைப்போம், நொடிக்கு 10 எம்பி வேகத்தில் போனால் ஒரு மணி நேரம் ஆகும். 12 ஜிபியாகக் குறைத்தால் இருபது நிமிடம். அறுந்துபோகக் கூடிய வேலையில் இந்த வித்தியாசம் பெரிது. ஐபோன் 128 ஜிபி என்றால், ஆண்ட்ராய்டில் இருக்கும் போட்டோ, வீடியோ எல்லாம் சேர்ந்து அதில் அடங்குமா என்றும் கணக்குப் பாருங்கள். மெமரி கார்டில் இருப்பதும் கணக்கில் சேரும். அடங்காது போலிருந்தால் பட்டியலில் வாட்ஸ்அப்பை மட்டும் டிக் செய்து, போட்டோவைப் பிறகு கம்ப்யூட்டர் வழியாக மாற்றுங்கள்.

நகர்வு தொடங்கியபின் `Move to iOS` திரையிலேயே இருக்க வேண்டும். வேறு செயலிக்குப் போனாலும், யூடியூப் பார்த்தாலும், நகர்வு அறுந்துவிடலாம். பேட்டரி சேவரை ஆஃப் செய்து, இரண்டு போனையும் சார்ஜரில் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆண்ட்ராய்டு "முடிந்தது" என்று சொன்ன பிறகும், எவ்வளவு நகர்ந்தது என்று காட்டும் பட்டை ஐபோனில் ஓடிக்கொண்டிருக்கும். ஐபோன் சொல்வதுதான் கணக்கு, அதில் முடியும் வரை இரண்டையும் தொடாதீர்கள்.

வெயில் காலத்தில் இன்னொன்று. ஐபோனை 35 டிகிரிக்குக் கீழான இடத்தில்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது ஆப்பிள். மே மாதத்தில் மதியம், ஷீட் கூரை வீட்டில் அதற்குமேல் சுலபமாகப் போகும். சார்ஜரில் போட்டு ஒரு மணி நேரம் டேட்டா வாங்கும் போன் நன்றாகச் சூடாகும், சூடானால் வேகம் குறையும், சார்ஜ் ஏறுவதையும் நிறுத்தும். கவரைக் கழற்றி, ஃபேனுக்குக் கீழே, இரவில் செய்யுங்கள்.

## "எல்லாம் முடிந்தது, வாட்ஸ்அப் திறந்தால் காலி"

நகர்ந்த சாட், வாட்ஸ்அப்புக்குள் தானாகப் போய் உட்காருவதில்லை. ஐபோனில் ஆப் ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப் போட்டு, சிம்மை ஐபோனில் மாற்றி, அதே நம்பரில் நுழைந்ததும், சாட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு `Start` காட்டும். அதை அழுத்தினால்தான் உள்ளே வரும். காலியாகத் தெரிகிறவர்களில் பாதிப் பேர் இந்தத் திரையைப் படிக்காமல் தாண்டியவர்களாகவோ, ஆசைப்பட்டு வாங்கிய புது நம்பரைப் போட்டவர்களாகவோ இருப்பார்கள். நம்பர் மாற்ற வேண்டும் என்றால் பழைய நம்பரிலேயே மாற்றத்தை முடித்துவிட்டு, சாட் வந்ததை உறுதி செய்தபின், `Settings > Account > Change number` மூலம் மாற்றுங்கள்.

காலியாகத் திறந்துவிட்டால் அதில் சாட் செய்யத் தொடங்காதீர்கள். பழைய போனில் வாட்ஸ்அப்பை நீங்கள் நீக்காத வரை, போனை அழிக்காத வரை, சாட் அங்கேயே பத்திரமாக இருக்கிறது. நகர்வு என்பது உண்மையில் பிரதி எடுப்பதுதான். பழைய போனில் அதே நம்பரில் உள்ளே போய், சாட் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஐபோனை அழித்து இன்னொரு முறை செய்யலாம்.

நுழையும் நேரத்தில் ஓடிபிக்குப் பிறகு ஆறு இலக்க பின் கேட்டு நிற்பது இன்னொரு அறிகுறி. என்றோ ஒருநாள் நீங்கள் வைத்த இரட்டைச் சரிபார்ப்பு பின் அது. மறந்துவிட்டது, மீட்க மின்னஞ்சலும் கொடுக்கவில்லை என்றால் 7 நாள் காத்திருக்க வேண்டும். இதை நான்கு நொடியில் தவிர்க்கலாம்: ஆண்ட்ராய்டில் இன்னும் உள்ளே இருக்கும்போதே `Settings > Account > Two-step verification` போய் பின்னை மாற்றி, எழுதி வையுங்கள். உள்ளே இருக்கும்போது பழைய பின் இல்லாமலே மாற்றலாம்.

## "பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன்"

மிகவும் மனம் உடைகிற நிலை இது. ஆனால் பலர் நினைப்பது போல முடிந்துபோன விஷயம் இல்லை. ஆன்லைனில் எக்ஸ்சேஞ்ச் போட்டால், டெலிவரிக்கு வருகிறவர் வாசலிலேயே பழைய போனை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு போனும் சேர்ந்து உங்கள் கையில் இருக்கும் நேரம் ஐந்து நிமிடம்கூட இல்லை. அதில் சாட்டை மாற்ற முடியாது. இன்னும் வாங்கவில்லை என்றால், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கி, ஒரு வாரம் கழித்துப் பழையதைத் தனியாக விற்பதே நல்லது. கிடைக்கும் பணம் கொஞ்சம் குறையலாம், குறையட்டும்.

ஏற்கனவே கொடுத்தாயிற்று என்றால், கூகுள் கணக்கில் பேக்கப் இருந்தால் மீட்கலாம். ஐபோனால் அதைப் படிக்க முடியாது, இன்னொரு ஆண்ட்ராய்டால் முடியும். ஆகவே நடுவில் ஒரு ஆண்ட்ராய்டை நிறுத்த வேண்டும்: கூகுளிலிருந்து அதற்கு, அதிலிருந்து ஐபோனுக்கு.

ஒரு கணக்கை முழுவதும் போட்டுப் பார்ப்போம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒருவர், திங்கட்கிழமை ஐபோன் வாங்கி, பழைய போனைக் கொடுத்துவிட்டார். ஐபோனில் வாட்ஸ்அப் காலியாகத் திறந்தது. வியாழன் வரை அதிலேயே ஆர்டர் பேசிவிட்டார்.

முதல் வேலை, பேக்கப் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. கம்ப்யூட்டரில் `drive.google.com` திறந்து, அதே ஜிமெயிலில் நுழைந்து, `Storage` பக்கத்தில் `Backups` அழுத்தினால் வாட்ஸ்அப் பேக்கப்பும் தேதியும் தெரியும். இவருக்கு ஞாயிறு இரவு தேதி, 14 ஜிபி என்று வருகிறது. அங்கே ஒன்றுமே இல்லை என்றால் வேறு ஜிமெயிலில் தேடுங்கள், பலருக்கு போனில் இரண்டு மூன்று கணக்கு இருக்கும். இப்போதெல்லாம் வாட்ஸ்அப் பேக்கப்பும் கூகுளின் இலவச 15 ஜிபிக்குள்தான் கணக்காகிறது. எனவே இடம் நிறைந்து பேக்கப் பல மாதத்துக்கு முன்பே நின்றிருக்கவும் கூடும். தேதியைக் கட்டாயம் பாருங்கள்.

இரண்டாவது, திங்கள் முதல் வியாழன் வரை ஐபோனில் பேசியதைக் காப்பாற்றுவது. ஐபோன் அழியப்போகிறது, அந்த நான்கு நாள் சாட் பழையதோடு ஒட்டாது. முக்கியமான சாட் ஒவ்வொன்றிலும் பெயரை அழுத்தி, கீழே `Export Chat` கொடுத்து, மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ள வேண்டும். படிக்கும் ஃபைலாக மட்டும் இருக்கும், ஆனால் ஆர்டர் கணக்குக்கு அது போதும்.

மூன்றாவது, நடு ஆண்ட்ராய்டு. மனைவியின் போனைக் கேட்காதீர்கள், அவர் வாட்ஸ்அப் அதில் இருக்கிறது. அலமாரியில் கிடக்கும் பழைய போன் ஒன்று, ஆண்ட்ராய்டு 5-க்கு மேல், 14 ஜிபியைத் தாராளமாகத் தாங்கும் காலி இடத்தோடு இருந்தால் போதும், ஸ்கிரீன் உடைந்திருந்தாலும் பரவாயில்லை. அதில் அதே ஜிமெயிலைச் சேர்த்து, சிம்மைப் போட்டு, வாட்ஸ்அப்பில் அதே நம்பரில் நுழைகிறார். ஐபோனில் வாட்ஸ்அப் வெளியேறும். "பேக்கப் கிடைத்தது, `Restore` செய்யவா" என்று கேட்கிறது. இங்கே தவறிப் போய் வேண்டாம் என்று அழுத்தினால் ஆபத்து. அன்றிரவு அந்தக் காலி வாட்ஸ்அப் புதிய பேக்கப் எடுத்து, பழையதன் மேல் எழுதிவிடக்கூடும். அப்படி அழுத்திவிட்டால் உடனே வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். பேக்கப்புக்குப் பூட்டுப் போட்டிருந்தால், போட்டபோது தேர்ந்தெடுத்த பாஸ்வேர்டோ, பாஸ்கீயோ, 64 இலக்கச் சாவியோ வேண்டும். அது இல்லாமல் யாராலும் திறக்க முடியாது.

மெசேஜ் சில நிமிடத்தில் வந்துவிடும், படமும் வீடியோவும் பின்னால் மெதுவாக இறங்கும். நொடிக்கு 5 எம்பி இறக்கும் இணைப்பில் 14 ஜிபிக்கு முக்கால் மணி நேரம். அது முழுவதும் முடியும் வரை அடுத்த அடி வைக்கக் கூடாது. இறங்காத படம் ஐபோனுக்கும் போகாது.

பிறகு நடு ஆண்ட்ராய்டிலிருந்து சிம்மை எடுத்து வெளியே வைத்துவிட்டு, ஐபோனை அழித்து, மேலே சொன்ன `Move to iOS` வழியில் போக வேண்டியதுதான். ஞாயிறு வரைக்கும் உள்ள சாட்டும், நடுப் போனில் ரீஸ்டோர் ஆனபின் வந்த மெசேஜும் ஐபோனில் இருக்கும். நடுவிலுள்ள நான்கு நாள் மின்னஞ்சலில் இருக்கும்.

கூகுள் பேக்கப்பும் இல்லை, போனும் இல்லை என்றால், யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஐபோனை அழிக்காமலே சாட்டை ஏற்றித் தருகிறோம் என்று கம்ப்யூட்டர் மென்பொருள் வைத்திருப்பவர்கள் உண்டு, சில சமயம் அது வேலையும் செய்கிறது. ஆனால் அதற்கும் பழைய ஆண்ட்ராய்டில் சாட் இருந்தாக வேண்டும், உங்கள் சாட் முழுவதும் வேறொருவர் கம்ப்யூட்டர் வழியாகப் போகும். இலவசமாக வீட்டிலேயே ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு அது தேவையில்லை.

## "மெசேஜ் வந்தது, சில படம் மங்கலாக நிற்கிறது"

மெசேஜும் படத்தின் சின்ன முன்னோட்டமும் ஒரு இடத்தில் இருக்கும், முழுப் படம் தனி ஃபைலாக இருக்கும். இடம் காலி செய்ய கேலரியில் போய் வாட்ஸ்அப் போட்டோவை நீங்கள் என்றோ அழித்திருந்தால், சாட்டில் மங்கலான முன்னோட்டம் மட்டும் மிஞ்சும். ஆண்ட்ராய்டில் அதே படத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் நகர்வில் குறையில்லை. அனுப்பியவரிடம் மறுபடி கேட்பதுதான் வழி.

கால் ஹிஸ்டரி வராது. வாட்ஸ்அப் வழியாகப் பணம் அனுப்பிய மெசேஜ்களும் வராது. வியாபாரிகள் அந்தத் திரைகளை முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பேங்க் கணக்கோடு ஒத்துப்பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் ஓடும் வாட்ஸ்அப் வெப்பை மறுபடி கியூஆர் காட்டி இணைக்க வேண்டியிருக்கும்.

## ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால்

இந்தப் பக்கம் வழி வேறு: கேபிள் வேண்டும். ஐபோன் 14 வரை டைப்-சியிலிருந்து லைட்னிங், 15 முதல் இரு முனையும் டைப்-சி. புதிய ஆண்ட்ராய்டின் செட்டப்பில் கேபிளை மாட்டி, அது காட்டும் கியூஆரை ஐபோன் கேமராவில் பிடித்தால் வாட்ஸ்அப்பில் ஏற்றுமதித் திரை திறக்கும். இல்லையென்றால் ஐபோன் வாட்ஸ்அப்பில் `Settings > Chats > Move Chats to Android`. சாம்சங், பிக்சல், ஆண்ட்ராய்டு 12-உடன் வந்த போன்கள் இதற்கு ஒத்துவரும். மாட்டியதும் ஐபோன் இந்தச் சாதனத்தை நம்பலாமா என்று கேட்கவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். நடைபாதையில் விற்கும் மலிவுக் கேபிள்களில் பல சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா போகும் கம்பி உள்ளே இருக்காது.

## பழைய போனை எப்போது அழிக்கலாம்

ஐபோனில் வந்த சாட் இன்னும் எந்த கிளவுடிலும் இல்லை. போன் தொலைந்தால் அதுவும் போகும். `Settings > Chats > Chat Backup` போய் `Back Up Now` அழுத்துங்கள். ஐகிளவுட் இலவசமாகத் தருவது 5 ஜிபி மட்டுமே. 14 ஜிபி சாட் அதில் அடங்காது, பேக்கப் பாதியில் நிற்கும். அதே பக்கத்தில் வீடியோவைச் சேர்க்கும் ஸ்விட்சை ஆஃப் செய்து பாருங்கள், பலருக்கு அதிலேயே அளவு பாதிக்கும் கீழே இறங்கும். இல்லையென்றால் இடம் வாங்க வேண்டும். பேக்கப் முழுவதும் முடிந்து தேதி தெரிந்த பிறகு, மூன்று வருடம் முந்தைய ஒரு சாட்டையும் ஒரு பழைய வாய்ஸ் மெசேஜையும் ஐபோனில் திறந்து, ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு, அப்புறம் பழைய ஆண்ட்ராய்டை அழியுங்கள்.